மன்னிப்பும் மீளப்பெறலும் எழுதினால் போதுமா? 2013 பால்மா நெருக்கடியை வைத்து கேஸ் ஸ்டடி விடை எழுதும் முறை

"பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்த உற்பத்திப் பொருள் ஒன்றைத் தெரிவு செய்து, அந்த நிறுவனத்தின் நெருக்கடித் தொடர்பாடலை ஆராய்க." மக்கள் தொடர்பு படிக்கிற எல்லாருக்கும் எப்போதாவது ஒரு தடவை வரும் கேள்வி இது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எழுதும் விடைகளை வாசித்தால், பத்தில் எட்டு ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். நிறுவனம் உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும், பொருளை மீளப்பெற வேண்டும், வெளிப்படையாக நடக்க வேண்டும், ஊடகங்களோடு நல்லுறவு பேண வேண்டும். எதுவும் பிழையில்லை. ஆனால் பால்மா என்ற சொல்லை எடுத்துவிட்டுக் காஸ் சிலிண்டர் என்று போட்டாலும் அந்த விடை அப்படியே நிற்கும், அதனால்தான் அதற்குப் பாதிப் புள்ளி. அந்தச் சம்பவத்தில் மட்டும் உண்மையான ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தீர்களா என்பதைத்தான் திருத்துபவர் தேடுகிறார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லாரும் 1982 டைலினோல் மாத்திரைச் சம்பவத்தையே எழுதுவார்கள். சிகாகோவில் ஏழு பேர் இறந்தது, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் 3 கோடிக்கும் மேற்பட்ட போத்தல்களைத் திரும்ப எடுத்தது எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அதில் சயனைட்டைக் கலந்தது வெளியாள், நிறுவனம் அங்கே தானும் பாதிக்கப்பட்ட தரப்பு. சொந்தத் தொழிற்சாலைக்குள் பிழை நடந்த நிறுவனத்துக்கு அந்த விடையை அப்படியே தூக்கி வைத்தால் பொருந்தாது.

அதனால் நான் 2013 பொன்டெரா சம்பவத்தை எடுக்கிறேன். அப்போது அங்கர் பால்மாவின் தாய் நிறுவனம் அது, நியூசிலாந்து விவசாயிகளின் கூட்டுறவு. நம்ம பக்கம் அங்கர் தெரியாத தேத்தண்ணிக் கடை கிடையாது, அந்த ஆகஸ்ட் மாதம் கடைக்காரர்களிடம் ஆட்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று யாரும் ஊகிக்கலாம். அதோடு இது ஒரு முழுமையான "நல்ல" கதையும் இல்லை, முழுமையான "கெட்ட" கதையும் இல்லை. ஆராய்வதற்கு அப்படிப்பட்டதுதான் நல்லது.

சம்பவத்தைச் சுருக்கமாக விளங்கிக்கொள்ளுங்கள்

நியூசிலாந்தில் ஹவுட்டாப்பு என்ற இடத்திலுள்ள பொன்டெரா ஆலையில் 2012 பெப்ரவரியில் ஒரு டோர்ச் லைட்டின் கண்ணாடி உடைந்து துண்டுகள் அங்கே தயாரித்த மோர்ப் புரதத்துக்குள் விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தது. அதை வீசாமல் 2012 மே மாதம் மீண்டும் கரைத்து வடித்து எடுத்தார்கள். அப்போது வழக்கமாகப் பயன்படுத்தாத ஒரு குழாயை இணைத்தார்கள், அது சரியாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கவில்லை. அப்படி வந்த சுமார் 38 தொன் மோர்ப் புரதம் பல நிறுவனங்களுக்கு மூலப்பொருளாகப் போனது, குழந்தைப் பால்மா செய்பவர்களுக்கும் சேர்த்து.

2013 மார்ச்சில் ஒரு பரிசோதனையில் குளொஸ்ட்ரிடியம் வகைப் பக்டீரியா வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. மாதக் கணக்கில் ஆய்வு இழுபட்டது. ஜூலை 31 அன்று, அது பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினமாக இருக்கலாம் என்று ஆய்வுகூடம் சொன்னது. ஆகஸ்ட் 2 நியூசிலாந்து அரசுக்கு அறிவித்தார்கள், ஆகஸ்ட் 3 சனிக்கிழமை அதிகாலை உலகத்துக்கு அறிவித்தார்கள். ஆகஸ்ட் 5 தலைமை நிறைவேற்று அதிகாரி தியோ ஸ்பியரிங்ஸ் பெய்ஜிங்கில் செய்தியாளர் முன் மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்ட் 14 நியூசிலாந்துப் பால் உற்பத்திப் பிரிவின் தலைவர் கெரி ரொமானோ பதவி விலகினார். ஆகஸ்ட் 28 அரசு முடிவை வெளியிட்டது: அது பொட்டுலினமே இல்லை, குளொஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ் என்ற, அந்த நச்சை உண்டாக்காத இனம். யாரும் நோயாகவில்லை.

இதற்கிடையில் இலங்கையில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வேலை: இரண்டு நிரல் போடுங்கள்

விடை எழுதத் தொடங்கும் முன் ஒரு வெற்றுத் தாளில் நடுவில் கோடு கிழியுங்கள். இடது பக்கம் "எப்போது என்ன தெரிந்தது", வலது பக்கம் "எப்போது யாருக்கு என்ன சொன்னார்கள்". கொள்கை, கோட்பாடு எல்லாம் பிறகு. இந்தத் தாள்தான் உங்கள் விடையின் எலும்புக்கூடு.

பொன்டெராவுக்கு இதைச் செய்து பாருங்கள். இடது நிரலில் 2012 பெப்ரவரி, 2012 மே, 2013 மார்ச், ஜூலை 31 என்று நான்கு திகதிகள் விழும். அவற்றுக்கு எதிரே வலது நிரலில் ஜூலை முடியும் வரை பொதுமக்களுக்குச் சொன்னது என்று எழுத ஒன்றுமே இராது. ஓகஸ்ட் 2க்குப் பிறகு வலது நிரல் திடீரென்று நிரம்பி வழியும்.

இந்த வெறுமையை எப்படி வாசிப்பது என்பதில்தான் விடைகள் பிரிகின்றன. அவசரப்பட்டு "நிறுவனம் 2012 மே முதல் மறைத்தது" என்று எழுதாதீர்கள். மேயில் அவர்களுக்குத் தெரிந்தது குழாயை மாற்றிய விஷயம் மட்டும், கிருமி விஷயம் இல்லை. ஜூலை 31 முதல் கணக்கிட்டால் இரண்டு நாளில் அரசுக்குச் சொன்னது வேகமானதுதான், சொல்லப்போனால் உறுதியாகாத சந்தேகத்தையே வெளியே சொன்னார்கள். ஆனால் குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்த தாய் ஜூலை 31இலிருந்து கணக்கிட மாட்டாள். மார்ச்சில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததா, அப்படியென்றால் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என் பிள்ளை குடித்தது என்ன என்றுதான் கேட்பாள். அப்போதைய பிரதமர் ஜோன் கீயும் ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று வெளிப்படையாகவே கேட்டார். நிறுவனம் ஒரு கடிகாரத்தைப் பார்த்துப் பேசியது, மக்கள் இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார்கள். உங்கள் விடையின் மையக் கருத்தாக இதை வைத்தால், மீதி எல்லாம் அதைச் சுற்றி ஒழுங்காக வந்து உட்காரும்.

இரண்டு பிரச்சினையை ஒன்றாகக் குழைக்காதீர்கள்

நம்ம ஆட்கள் இந்தச் சம்பவத்தில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 2013இல் "அங்கரில் விஷம்" என்று ஊரில் பரவியதற்குள் இரண்டு தனித்தனி விஷயம் இருந்தது. ஒன்று மேலே சொன்ன பக்டீரியாச் சந்தேகம். மற்றது டிசிடி, அதாவது டைசயன்டையமைட். இது கிருமி இல்லை. நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் போடும் ஒரு இரசாயனம், உரத்திலுள்ள நைதரசன் ஆற்றுக்குள் வடிந்து போகாமல் தடுப்பதற்காகப் போடுவது. பாலில் அதன் மிகச் சிறிய தடயம் இருப்பது 2013 ஜனவரியில் வெளியே வந்தது, உர நிறுவனங்களும் விற்பனையை நிறுத்தின.

இலங்கையில் அந்த ஆகஸ்ட்டில் பெரிதாக வெடித்தது டிசிடி. சுகாதார அமைச்சு பரிசோதனை முடிவுகளை வைத்துப் பால்மாவை மீளப்பெறச் சொன்னது, பரிசோதனை முறை சரியில்லை என்று நிறுவனம் மறுத்தது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தற்காலிகத் தடை வந்தது, பியகம தொழிற்சாலை முன்னால் ஆர்ப்பாட்டம் நடந்தது, ஆகஸ்ட் 23 அளவில் பொன்டெரா இலங்கையில் தன் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திப் பிறகு சில நாளில் திரும்பத் தொடங்கியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். நிறுவனமும் நியூசிலாந்து அதிகாரிகளும் திரும்பத் திரும்பச் சொன்னது, இந்த அளவு டிசிடியால் உடலுக்குத் தீங்கில்லை என்பது. விஞ்ஞானரீதியாக அதற்கு ஆதாரம் இருந்தது. ஆனால் உணவில் டிசிடி இவ்வளவு வரை இருக்கலாம் என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் அப்போது இருக்கவில்லை. அப்படி எல்லை இல்லாதபோது ஒருவர் "தீங்கு செய்யாத அளவுதானே" என்பார், மற்றவர் "எல்லை இல்லையென்றால் ஒரு துளியும் இருக்கக் கூடாதுதானே" என்பார், இருவருமே தங்கள் பக்கம் சரி என்று நினைப்பார்கள். கடையில் நிற்கிற ஆளின் கேள்வி "இருக்கிறதா, இல்லையா?" நிறுவனம் பதில் சொன்னது "தீங்கா, இல்லையா?" என்ற வேறு கேள்விக்கு. கேட்ட கேள்விக்கு "ஆம், ஒரு காலத்தில் தடயம் இருந்தது, இந்தத் திகதிக்குப் பின் செய்த பாலில் அந்த இரசாயனம் பயன்படுத்தப்படவில்லை" என்ற மாதிரி நேர்ப்பதிலை முதலில் வைத்து, தீங்கு பற்றிய விளக்கத்தை இரண்டாவதாக வைத்திருந்தால் பேச்சு வேறு வழியில் போயிருக்க இடமுண்டு.

அப்புறம், ஆய்வு முறையைக் குறை சொல்லி மறுப்பது என்பது பரிசோதித்த அரசைக் குறை சொல்வதாகத்தான் வெளியே கேட்கும். வெளிநாட்டு நிறுவனம் நம் நாட்டு ஆய்வுகூடத்தைப் பிழை என்கிறது என்றதும், அது பால் பற்றிய பேச்சாக இருப்பது நின்றுவிடும். நிறுவனம் சொன்னது இரசாயனரீதியாகச் சரியாக இருந்தாலும் இது நடக்கும். விடையில் இரண்டு பிரச்சினைக்கும் தனித்தனிப் பந்தி ஒதுக்குங்கள். ஏனென்றால் முதலாவதில் நிறுவனம் தானே முன்வந்து சொன்னது, இரண்டாவதில் பிறர் சொன்னதை எதிர்த்தது. உத்தியே நேர் எதிர்.

கோட்பாட்டை இப்போதுதான் கொண்டுவாருங்கள்

நிறையப் பேர் முதல் பக்கம் முழுக்கக் கோட்பாட்டு வரைவிலக்கணம் எழுதி நேரத்தை முடிக்கிறார்கள். ஒரு கோட்பாடு போதும், அதை வேலை வாங்குங்கள். இந்தக் கேள்விக்கு டிமதி கூம்ஸ் என்பவரின் சூழ்நிலை சார் நெருக்கடித் தொடர்பாடல் கோட்பாடு நன்றாகப் பொருந்தும். அதன் சாரம் சுலபம்: நடந்ததற்கு நிறுவனம் எவ்வளவு பொறுப்பு என்று மக்கள் நினைக்கிறார்களோ, அந்த அளவுக்குப் பதிலும் இறங்கிப் போக வேண்டும். வெளியாள் செய்த நாசம் என்றால் பொறுப்புக் குறைவு, தற்செயல் என்றால் நடுத்தரம், தவிர்த்திருக்கக்கூடிய பிழை என்றால் மிக அதிகம். டைலினோல் முதல் வகை. பொன்டெராவின் குழாய்?

முதல் பார்வையில் தற்செயல் மாதிரித்தான் தெரியும், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கூம்ஸ் இன்னொன்றையும் சொல்கிறார்: இதே நிறுவனத்துக்கு முன்பும் இப்படி ஒன்று நடந்திருந்தால், மக்கள் சுமத்தும் பொறுப்பு ஒரு படி ஏறிவிடும். பொன்டெராவுக்கு அந்த முன்கதை இருந்தது. 2008இல் சீனாவில் சன்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமைன் கலந்து ஆறு குழந்தைகள் இறந்தார்கள், சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயானார்கள். சன்லுவில் 43 வீதப் பங்கு பொன்டெராவுக்கு. 2008 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விஷயம் பொன்டெராவுக்குத் தெரிந்துவிட்டது, உலகத்துக்குத் தெரிந்தது செப்டெம்பரில். கலப்படத்தைச் செய்தது பொன்டெரா இல்லை, ஆனாலும் அந்த ஆறு வாரம் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இதைச் சேர்த்துப் பார்த்தால் 2013இன் இரண்டு விஷயம் விளங்கும். ஏன் முடிவு உறுதியாகும் முன்பே அறிவித்தார்கள், ஏன் தலைமை அதிகாரி நேரே பெய்ஜிங்குக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். சீனத்துத் தாய்மாரின் கண்ணில் இது இரண்டாவது தடவை. அதனால் தற்செயலுக்குரிய பதில் போதாது, தவிர்த்திருக்கக்கூடிய பிழைக்குரிய பதில், அதாவது முழு மன்னிப்பும் ஈடும் வேண்டும். மன்னிப்பு உத்தியின் தெரிவு சரி என்று நீங்கள் துணிந்து எழுதலாம், காரணத்தோடு.

மன்னிப்புக்கு முன்னால் அறிவுறுத்தல்

அப்படியென்றால் எங்கே பிழைத்தது? இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், புள்ளி இங்கேதான் இருக்கிறது.

கூம்ஸ் சொல்லும் ஒழுங்கில் மன்னிப்பு முதலாவது இல்லை. முதலாவது அறிவுறுத்தும் தகவல், அதாவது ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது ஆற்றுப்படுத்தும் தகவல், என்ன நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்கிறோம், உங்கள் கவலை எங்களுக்கு விளங்குகிறது என்பது. நிறுவனத்தின் பெயரைக் காக்கும் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 3 அறிவிப்பில் எத்தனை தொன், எந்த ஆலை, என்ன பக்டீரியா எல்லாம் இருந்தது. எந்தப் பைக்கற் என்பது இல்லை. பொன்டெரா விற்றது மூலப்பொருளை, கடைப் பைக்கற்றை இல்லை, எனவே வாடிக்கையாளர் நிறுவனங்களின் பெயரைச் சொல்வது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. வணிக ஒப்பந்தப்படி அது நியாயமாக இருக்கலாம். ஆனால் "குழந்தைப் பால்மாவில் உயிராபத்தான கிருமி இருக்கலாம், எதில் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்" என்பது ஒரு தாயிடம் போய்ச் சேரும்போது பயம் மட்டும்தான் போய்ச் சேர்கிறது. அதன்பின் வந்த நாட்களில் எங்கே எவ்வளவு போனது என்ற கணக்கும் மாறிக்கொண்டே இருந்தது. பாதிக்கப்பட்ட பொருள் முழுவதையும் தடம் பிடித்து முடிக்க ஆகஸ்ட் 18 வரை எடுத்தது என்று அரசாங்க விசாரணை பிறகு கண்டது, ஒத்திகை பார்த்துத் தயாராக வைத்திருந்த நெருக்கடித் திட்டம் இல்லை என்றும் சொன்னது. ஆக, பலரும் எழுதுவது மாதிரி இது "தொடர்பாடல் பிரிவின்" பிழை மட்டும் இல்லை. களஞ்சியப் பதிவேட்டில் இல்லாத தகவலை எந்தப் பேச்சாளராலும் மேடையில் சொல்ல முடியாது.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து எழுதுங்கள். ஓர் அறிவிப்பு நம்மிடம் எப்படி வந்து சேரும் என்று யோசித்தால் போதும். களுவாஞ்சிகுடியில் ஒரு வீட்டில் 400 கிராம் பைக்கற்றை வெட்டி, எறும்பு வராமல் இறுக்கமான மூடி போட்ட போத்தலில் கொட்டி வைத்துவிட்டு உறையை அன்றே குப்பையில் போட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குத் தொகுதி இலக்கம் சொல்வதால் என்ன பயன்? கேள்வி உள்ளூர்ப் பரிந்துரை கேட்டால், இப்படி ஒரு அறிவித்தலை நீங்களே வரைந்து காட்டுங்கள்:

"பைக்கற்றின் பின்பக்கம் அடியில் உள்ள தொகுதி இலக்கத்தைப் பாருங்கள். கீழே தந்த இலக்கங்களில் ஒன்றாக இருந்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். உறையை வீசிவிட்டீர்கள், இலக்கம் தெரியாது என்றால் அதையும் கொடுக்க வேண்டாம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், பில் இல்லாவிட்டாலும், போத்தலில் இருந்தாலும் பணம் தரப்படும். ஏற்கனவே குடித்த குழந்தைக்கு மலச்சிக்கல், பால் உறிஞ்சச் சக்தியில்லாமை, அழுகைச் சத்தம் மெலிதல், கண்ணிமை தொங்கல், உடம்பு துவளல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்."

இதில் வருத்தம் தெரிவிக்கும் வரி ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது அடுத்த பந்தியில் வரட்டும். யார் மூலம் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: கிளினிக் நாளில் தாய்மாரைச் சந்திக்கும் குடும்ப நல உத்தியோகத்தர், கடைகளுக்குப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மற்ற ஊர்களில் கோயில் ஒலிபெருக்கியும் முச்சக்கர வண்டி அறிவிப்பும். 2013 ஆகஸ்ட் 3 நோன்பின் கடைசி வாரம், பெருநாளுக்கு வீட்டுக்கு வீடு பால்மா வாங்கும் நேரம். அந்த வாரம் மாதிரி ஒன்றில் தமிழ் அறிவித்தல் சிங்கள, ஆங்கில அறிவித்தல்களுக்கு ஒரு நாள் பிந்தினாலே இடைவெளியை வதந்தி நிரப்பிவிடும். மூன்று மொழியும் ஒரே மணிக்கு வெளியாக வேண்டும் என்று பரிந்துரையில் எழுதுங்கள். நிறுவனத்தின் தமிழ் தெரிந்த ஒருவர் வரைவு நிலையிலேயே அறையில் இருக்க வேண்டும், கடைசியில் மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடக் கூடாது.

பின்னால் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

ஆகஸ்ட் 28இல் எல்லாம் பொய் எச்சரிக்கை என்று தெரிந்தது நமக்குத் தெரியும். அதை வைத்து "தேவையில்லாமல் அறிவித்து நட்டப்பட்டார்கள்" என்று எழுதும் விடைகள் வருகின்றன. இது பெரிய பிழை. ஆகஸ்ட் 2ஆம் திகதி மேசையில் இருந்தது ஓர் ஆய்வுகூட அறிக்கையும், அந்தப் புரதம் குழந்தைப் பால்மாவுக்குள் போயிருக்கிறது என்ற தகவலும். அன்று தெரிந்ததை மட்டும் வைத்துத்தான் அன்றைய முடிவை அளக்க வேண்டும். அப்படி அளந்தால் அறிவித்தது சரியே. மறுபக்கம், ஆய்வு செய்யும் முறையில் பிழை இருந்ததா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஏனென்றால் உறுதிப்படுத்தும் இரண்டாவது ஆய்வை முன்னரே கேட்டிருந்தால் அந்த மாதமே வேறு மாதிரிப் போயிருக்கும். அது ஆய்வுத் தெரிவு பற்றிய விமர்சனம், அறிவித்த முடிவு பற்றியதில்லை. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இதே ஒழுங்கு மறுதிசையிலும் வேண்டும். யாரும் நோயாகவில்லை என்பதால் நிறுவனம் தப்பிவிட்டது என்று எழுதக் கூடாது. 2014இல் நியூசிலாந்து நீதிமன்றத்தில் நான்கு குற்றச்சாட்டுகளை ஏற்றுக்கொண்டு 3 லட்சம் நியூசிலாந்து டொலர் தண்டம் கட்டினார்கள். குழந்தைப் பால்மாவை மீளப்பெற வேண்டி வந்த டனோன் நிறுவனம் நட்டஈடு கேட்டு, 2017 டிசெம்பரில் நடுவர் மன்றம் 105 மில்லியன் யூரோ கொடுக்கச் சொன்னது. தண்டத்தையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும், பெரிய விலை அரசுக்குப் போகவில்லை, நம்பி வாங்கிய வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போனது. எனவே "பங்குதாரர்" பகுதியில் பொதுமக்கள், ஊடகம், அரசு என்ற மூன்றோடு நிறுத்தாதீர்கள். மூலப்பொருள் வாங்கியவரைத் தனியாக எழுதுங்கள்.

மாதிரிக்கு ஒரு பந்தி

இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு பந்தி தருகிறேன். அப்படியே பார்த்து எழுத வேண்டாம், அமைப்பைப் பாருங்கள்.

"பொன்டெரா ஆய்வுகூட முடிவு கிடைத்து இரண்டு நாட்களில் அரசுக்கு அறிவித்தது. எனினும் அந்த அறிவிப்பு நுகர்வோர் செயற்படக்கூடிய தகவலைத் தரவில்லை: எந்தப் பொருள், எந்தத் தொகுதி என்பது சொல்லப்படவில்லை, தடம் பிடித்தலும் ஆகஸ்ட் 18 வரை முடியவில்லை. 2008 சன்லு சம்பவம் காரணமாக மக்கள் நிறுவனத்தின் மீது ஏற்கனவே கூடிய பொறுப்பைச் சுமத்தியிருந்த நிலையில், மன்னிப்புக் கேட்டது பொருத்தமான உத்தி. ஆனால் அறிவுறுத்தும் தகவல் இல்லாத மன்னிப்பால் அச்சம் குறையவில்லை. ஆகவே குறைபாடு அறிவித்த வேகத்தில் இல்லை, அறிவிப்பின் உள்ளடக்கத்திலும் அதற்கு அடிப்படையான பதிவேட்டிலும் இருந்தது."

ஒவ்வொரு வசனத்திலும் ஒரு திகதியோ ஒரு நடந்த செயலோ இருக்கிறது, அதற்குப் பின்தான் தீர்ப்பு வருகிறது. எழுதி முடித்த பிறகு சோதித்துப் பார்க்க ஒரு வழி: பொன்டெரா என்ற பெயரை அழித்துவிட்டு வேறு நிறுவனத்தின் பெயரைப் போட்டு வாசியுங்கள். வசனம் இன்னும் உண்மையாகவே நின்றால் அது பொது வசனம், வெட்டுங்கள் அல்லது ஒரு திகதியைக் கொண்டுவந்து சேருங்கள்.

பரிந்துரை எழுதும்போது

ஐந்தாறு பரிந்துரையை அடுக்குவதைவிட இரண்டை முழுமையாக எழுதுங்கள். யார், எத்தனை மணிக்குள், எதை வைத்து அளப்பது என்ற மூன்றும் இருக்க வேண்டும். உதாரணமாக: தரப்பிரிவு ஒரு தொகுதியில் வழக்கத்துக்கு மாறான பக்டீரியா எண்ணிக்கையைக் கண்டால், அன்றே தொடர்பாடல் பிரிவுக்கும் சட்டப் பிரிவுக்கும் எழுத்தில் போக வேண்டும், வெளியே சொல்வதற்காக இல்லை, சொல்ல வேண்டி வந்தால் சொல்ல என்ன தகவல் கையில் இல்லை என்று அன்றே தேடத் தொடங்குவதற்காக. பொன்டெராவில் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடையில் இல்லாமல் போனது இதுதான். இரண்டாவது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு தொகுதி இலக்கத்தை எழுமாற்றாக எடுத்து, அது இப்போது எந்தெந்தக் கடையில் இருக்கிறது என்று 24 மணித்தியாலத்துக்குள் கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்ப்பது. கொழும்புக் களஞ்சியம் வரை கண்டுபிடித்துவிட்டு நிற்கக் கூடாது, அக்கரைப்பற்று விநியோகத்தரின் லொறி எந்தெந்தக் கடையில் இறக்கியது என்பது வரை போக வேண்டும். முடியவில்லையென்றால் அந்த நிறுவனம் எழுதி வைத்திருக்கும் அறிக்கை வரைவுக்குப் பயனில்லை, ஏனென்றால் அதில் இலக்கம் நிரப்பும் இடம் வெறுமையாகவே இருக்கும்.

நேரப் பங்கீடு: 45 நிமிடக் கேள்வி என்றால் நிரல் போட 7 அல்லது 8 நிமிடம் தாராளமாக எடுங்கள், அது வீண் இல்லை. சம்பவச் சுருக்கத்துக்கு அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், வாசிப்பவருக்குக் கதை தெரியும். கோட்பாட்டுக்கு ஒரு பந்தி. மிச்ச நேரம் முழுக்க மார்ச், ஜூலை 31, ஆகஸ்ட் 3, ஆகஸ்ட் 18 என்ற நான்கு திகதிகளில் என்ன தெரிந்தது, என்ன சொன்னார்கள், என்ன சொல்லியிருக்கலாம் என்பதற்கே போகட்டும். டிசிடி பந்திக்கு இடம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம், ஆனால் விடும்போது "இலங்கையில் எழுந்த டிசிடி சர்ச்சை வேறானது, இங்கே ஆராயப்படவில்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.